மிதக்கும் சோப்பு

பலகையக்காவின் வீட்டுக்குள் நேராக நடந்து போக முடியாது. தோளைக் குறுக்கிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் சுவரோரமாகப் பலகைகள் சாய்ந்து நிற்கும். ஒன்றில் வெள்ளைப் பளிங்கு, அடுத்ததில் சாம்பல் நிறப் பளிங்கு, இன்னொன்றில் பழைய தேக்கு, அதற்கும் அடுத்ததில் வெயிலில் வெளுத்த மரம். எல்லாமே பெயின்ட்தான். தொட்டுப் பார்க்கும்வரை யாரும் நம்ப மாட்டார்கள். தொட்ட பிறகும் சிலர் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அப்போது மட்டும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"எங்க வீட்டுலயும் பளிங்குத் தரைதான். என்ன, அது சுவர்ல சாஞ்சுக்கிட்டு நிக்குது" என்று அவள் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேனுக்குள் பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பழகிப்போனதாலோ என்னவோ, வீட்டிலும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

அந்தப் பலகைகளை வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே கம்மல், மெழுகுவத்தி, கேக் என்று செய்து போனில் படம் போட்டு விற்கிறவர்கள். பலகையை மேஜைமேல் படுக்கவைத்து, அதன்மேல் பொருளைப் பரப்பி, நேர் மேலிருந்து படம் எடுப்பார்கள். படத்தில் பலகையின் ஓரம் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய வீட்டுப் பளிங்கு மேடையில் கம்மல் கிடப்பது போலத் தோன்றும். பக்கத்தில் கிடக்கும் அழுக்குத் துணியும் பாதி குடித்த டீயும் படத்துக்கு வெளியே போய்விடும்.

அக்கா முன்பு வேலை பார்த்தது டைல்ஸ் கடையில். பெட்டி பெட்டியாக வரும் டைல்ஸைப் பிரித்து, இரண்டிரண்டாகத் தரையில் போட்டு, 'ஷேடு' இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு கல்லில் ஒரு மூலை மற்ற மூலைகளைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் போச்சு. அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். தப்பித்தவறி அது யார் வீட்டுக்காவது போய்விட்டால், மறுநாள் அந்த வீட்டுக்காரர் வந்து கடையையே இரண்டாக்கிவிடுவார். 'ஷேடு' என்ற சொல்லைக் கேட்டாலே கடையில் எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கடையை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகும் அந்தப் பயம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. வருஷக்கணக்காகப் பளிங்கையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதன் நரம்பு எப்படிக் கிளம்பும், எங்கே கிளை பிரியும், எங்கே சத்தமில்லாமல் கரைந்துபோகும் என்பதெல்லாம் கண்ணிலேயே தங்கிவிட்டது. அங்கிருந்து அது கைக்கும் வந்து சேர்ந்தது. அதைத்தான் இப்போது விற்கிறாள்.

இனி நுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுரை அக்காவின் நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. சோப்பு செய்வதால் அவள் அண்ணன் வைத்த பெயர் அது. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்து, "இனிமே சோப்புதான்" என்றாள். இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்த அறையில் கட்டிலைவிட சோப்பு காயவைக்கும் தட்டுகள்தான் அதிகம்.

கடைவீதியில் ஒரு கடைக்காரம்மா இருந்தார். கையால் செய்த பொருள்களை மட்டுமே விற்கிறவர். அவர் கடை அலமாரியில் சோப்புக்கென்று ஒரே ஒரு தட்டுதான். அந்தத் தட்டு இப்போது காலியாகியிருந்தது. நுரை சோப்பைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், தலையாட்டினார்.

"சோப்பு நல்லாதான் இருக்கு. ஆனா போன்ல என் கடைப் பக்கத்துல எல்லாப் படமும் வெள்ளைக் கல்லுமேலதான் இருக்கும். அதே மாதிரி படம் எடுத்து அனுப்புங்க, பாக்கறேன். இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. சனிக்கிழமை முடிவு பண்ணிடுவேன்."

அந்தத் தட்டு கிடைத்தால் நுரையின் சோப்பு நிற்கும். கிடைக்காவிட்டால் அவள் மறுபடியும் பில் போடத்தான் போக வேண்டும். துணிக்கடை முதலாளி, "அடுத்த மாசம் வரைக்கும் உன் நாற்காலி காலியாத்தான் இருக்கும்" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து நுரைக்குத் தூக்கம் வரவில்லை.

"அண்ணி, ஒரு வெள்ளைக் கல்லு போட்டுத் தாங்க. உங்க கையில இருக்கிறதுலயே நல்லதா."

அக்கா போட்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல பலகையைப் போட்டதில்லை. பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கி, வெள்ளை அடித்துக் காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தாள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மெல்லிய தூரிகையால் சாம்பல் நிற நரம்பைக் குறுக்குச் சாய்வாக இழுத்தாள். தண்ணீரை லேசாகத் தெளித்து, காய்ந்த தூரிகையால் வருடி, நரம்பின் ஓரங்களைப் புகை மாதிரி கலைத்தாள். பின்பக்கத்தில் மர வேலை. பழுப்பு நிறத்தின்மேல் முரட்டுத் தூரிகையை இழுத்து இழுத்து ரேகை போட்டாள். இரண்டு பக்கத்துக்கும் பளபளக்காத வார்னிஷ். பளபளப்பு இருந்தால் ஜன்னலும் போனும் படம் எடுப்பவர் மூஞ்சியும் பலகையில் தெரியும்.

வார்னிஷுக்கு முன்னால் பளிங்குப் பக்கத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நுரை எடுக்கும் படங்கள் எப்போதும் சப்பென்று இருக்கும். அறை சின்னது, சுவரெல்லாம் வெள்ளை, வெளிச்சம் நாலு பக்கமும் பட்டுத் தெறிக்கும். நல்ல படத்தில் கல் ஒரு பக்கம் வெளுப்பாகத் தொடங்கி, போகப்போக மெல்ல மங்கும். அப்போதுதான் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றும், பொருளுக்கு ஒரு கனம் வரும். அந்த மங்கலைப் பெயின்ட்டிலேயே கொடுத்துவிட்டால் என்ன? அக்கா சாம்பலைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, பஞ்சில் தொட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒத்தி ஒத்தி எடுத்தாள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்கே பிடிபடாத அளவுக்கு மெலிதாகக் கொண்டுவந்தாள். வெளுத்த கோடி ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும், மங்கிய கோடி உள்பக்கம். அப்படி வைத்தால் நிஜ வெளிச்சமும் பெயின்ட்டும் கைகோத்துக்கொண்டு நடக்கும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் டைல்ஸ் கடைக்காரி எப்படிச் சொல்வாள்? 'ஒரு கோடியில ஷேடு இருக்கு, நான்தான் வேணும்னே போட்டேன்' என்று அவள் வாயால் எப்படி வரும்? தன் வீட்டு ஜன்னலோரம் பலகையைப் போட்டு, நுரையின் சோப்பை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். சோப்பு சும்மா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், வாயைத் திறக்காமல் கொடுத்தனுப்பிவிட்டாள்.

நுரை படங்களை எடுத்துக் கடைக்காரம்மாவுக்கு அனுப்பினாள். மறுநாள் பதில் குரலாகவே வந்தது. நுரை அதை அக்காவின் சமையலறையில் நின்றுகொண்டு போட்டுக் காட்டினாள்.

"மரத்துமேல வச்சு எடுத்த படம் சரியா இருக்கு. ஆனா கல்லுமேல இருக்கிறது ஒட்டின படம் மாதிரி இருக்கும்மா. சோப்பு கல்லுல உக்காரவே இல்ல, மிதக்குது. எங்கயிருந்தாவது வெட்டி எடுத்து ஒட்டினதுன்னா இப்பவே சொல்லிடுங்க. செய்யாத பொருளைச் செஞ்சேன்னு சொல்றவங்களை நான் நிறையப் பாத்துட்டேன்."

நுரையின் கண் நிறைந்துவிட்டது. "ஒட்டினதாம் அண்ணி! நான் ஸ்டூல்ல ஏறி நின்னு, கழுத்து சுளுக்கிக்கிட்டு எடுத்தது!"

கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. "மிதக்குதுன்னா நல்ல சோப்புதானே? முழுகுற சோப்பைத்தான் யாரும் வாங்க மாட்டாங்க!"

"ஏங்க, வாயை மூடுங்க" என்றாள் அக்கா.

போனை வாங்கிப் பார்த்தாள். கடைக்காரம்மா சொன்னது பொய்யில்லை. என்னவோ தப்பாக இருந்தது. ஆனால் எது தப்பு? சோப்பு நன்றாக இருக்கிறது, கல்லும் நன்றாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏதோ பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. அதைவிட அவள் நெஞ்சைப் பிடித்தது வேறு. அவள் அத்தனை பூச்சுப் பூசிய அந்த மங்கல் படத்தில் இல்லவே இல்லை. கல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெள்ளையாக இருந்தது.

வெளுத்துவிட்டதா? பூசி ஒரு வாரம்கூட ஆகவில்லையே! வார்னிஷ் தின்றுவிட்டதா?

"பலகையைக் கொண்டு வா" என்றாள்.

அண்ணன் போய் எடுத்து வந்தார். அக்கா அதைத் தன் ஜன்னலோரம் போட்டாள். மங்கல் அப்படியே இருந்தது. பஞ்சு ஒத்திய இடம் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. நுரையின் போனாலேயே நுரையின் சோப்பை வைத்து எடுத்தாள். சோப்பு உட்கார்ந்தது.

"இங்க உக்காருது!" என்றாள் நுரை.

"அப்ப உன் ரூம்லதான் ஏதோ கோளாறு."

பலகையைத் திருப்பி அனுப்பினார்கள். நுரை எடுத்து அக்காவுக்கு அனுப்பிய படத்தில் சோப்பு மறுபடி மிதந்தது. கல் மறுபடி ஒரே வெள்ளை.

அன்றைக்கு அக்கா காய்ந்த பலகை என்று நினைத்துக் காயாததன்மேல் கையை வைத்தாள். பருப்பு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றாள். ஒரு வீட்டில் மறைகிற நிறம், இன்னொரு வீட்டில் எப்படித் திரும்பி வரும்? பெயின்ட்டுக்கு வீடு தெரியுமா? யாரிடமாவது கேட்கலாம் என்றால், ஷேடு போட்டதையே யாரிடமும் சொல்லவில்லையே. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

அடுத்தடுத்த நாள்களில் அவர்கள் ஒவ்வொன்றாகப் பழி போட்டார்கள். முதல் பழி ஜன்னல் திரைமேல் விழுந்தது. அக்கா தன் வீட்டு வெள்ளைத் திரையைக் கழற்றிக்கொண்டுபோய் நுரையின் ஜன்னலில் மாட்டினாள். வெளிச்சம் மெத்தென்று விழுந்தது, சோப்பு மிதந்தது. அடுத்த பழி டியூப்லைட்மேல். அதன் நீல வெளிச்சம் ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்து கெடுக்கிறதோ என்று அணைத்தார்கள். அப்போதும் மிதந்தது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, நிழலைக் கொஞ்சம் தணித்துப் பார்த்தார்கள். முன்னைவிட நன்றாக மிதந்தது.

"போன் சாஞ்சிருக்கும். மேஜைக்குப் போன் இம்மி சாய்வில்லாம இருக்கணும்" என்றாள் அக்கா.

நுரை பழுப்பு நிறச் சோப்பு ஒன்றைப் மேலே பார்த்திருந்த போன் திரைமேல் வைத்துக் காட்டினாள். அது உருளாமல், நகராமல் நின்றது. "இதுக்கு மேல எப்படி அண்ணி நேராப் பிடிக்கிறது? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்ன கதையா நான்?"

"அப்படியா சொன்னேன்?"

"சொல்லல. ஆனா நினைச்சீங்க."

அக்கா நினைக்கத்தான் செய்தாள். நுரையும் பதிலுக்கு ஏதோ நினைக்கிறாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. நுரை அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சட்டென்று கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். 'அண்ணி, உங்க பலகைதான் சரியில்ல' என்ற பேச்சு அவள் தொண்டைவரை வந்து நிற்கிறதோ? மரப் பக்கம் சரியாக இருக்கிறதே, கல் பக்கம் மட்டும்தானே சிக்கல். மரத்தில் சரியாக உட்கார்ந்த சோப்பு கல்லில் மட்டும் ஏன் உட்கார மாட்டேன் என்கிறது? அவள் உயிரைக் கொட்டிப் போட்டது கல். போகிற போக்கில் போட்டது மரம். மரம் ஜெயிக்கிறது.

"பேசாம வேற கல்லு போட்டுத் தரேன்" என்றாள் கடைசியில்.

"ஐயோ, வேண்டாம் அண்ணி! இதுவே ரொம்ப அழகா இருக்கு" என்று நுரை பதறினாள். அந்தப் பதற்றம்தான் அக்காவுக்கு இன்னும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூவரும் நுரையின் அறையில் இருந்தார்கள். அண்ணன் வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அழைக்கப் போகும் நேரம்வரை சும்மா உட்காரலாம் என்று வந்திருந்தார். மேஜைமேல் பலகை, பலகைமேல் மூன்று சோப்பு. நுரை ஸ்டூலில் ஏறியிருந்தாள். அக்கா ஜன்னலோரம் நின்று பலகையையே வெறித்துக்கொண்டிருந்தாள். இங்கே இருக்கும்போது மங்கல் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? அவள் கண்ணுக்கே கல் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. நரம்புகள்கூட வழக்கம்போல அதே சாய்வில்தான் ஓடின.

"நகருங்க, காத்து வரட்டும்" என்று அண்ணன் மேஜையை ஒட்டி வந்தார். வந்தவரின் முழங்கை பட்டு, ஒரு சோப்பு உருண்டு கீழே விழுந்தது. "போச்சுடா" என்று அவர் பலகையைச் சோப்போடு அப்படியே தூக்கிக் கட்டிலில் வைத்தார். விழுந்ததை எடுத்துத் துடைத்தார். பிறகு பலகையைத் தூக்கி, கைக்கு வந்த பக்கமாக மேஜையில் மறுபடி வைத்தார்.

ஸ்டூலிலிருந்து நுரை கத்தினாள். "அண்ணா, அப்படி இல்ல! சுத்தி வை! அழுக்குப் பக்கம் ஜன்னலுக்குப் போகணும்!"

சொன்ன மறு நொடியே அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் அக்கா.

நுரை போனைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"எந்த அழுக்கு?"

"இல்ல அண்ணி... ஒண்ணும் இல்ல. அந்தக் கோடியில லேசா... புகை பிடிச்ச மாதிரி... காயவைக்கும்போது சமையக்கட்டுப் புகை பட்டிருக்கும்னு நினைச்சேன். நீங்க இவ்வளவு பாடுபட்டுப் போட்டது, போய் எப்படிச் சொல்றது? அதான் வெளிச்சம் பட்டா தெரியாதுன்னு, எப்பவும் அந்தக் கோடியை ஜன்னல் பக்கமா வச்சிடுவேன். வச்சா சுத்தமாத் தெரியல, பாருங்க. ஒரே வெள்ளையா ஆயிடும்."

அண்ணன் குனிந்து பலகையை முகர்ந்து பார்த்தார்.

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊதி ஊதி, ஒத்தி ஒத்தி அவள் கொண்டுவந்த மங்கல். அதற்கு அழுக்கு என்று பெயர்! மனம் நோகக்கூடாது என்று அதை மறைத்துவைத்த நாத்தனார்! ஜன்னல் பக்கம் நிஜ வெளிச்சம் அதிகம். அங்கே பெயின்ட்டில் மங்கல். உள்பக்கம் நிஜ வெளிச்சம் குறைவு. அங்கே பெயின்ட்டில் வெளுப்பு. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கல் ஒரே வெள்ளையாகிவிட்டது. ஆனால் சோப்புக்கு யார் பெயின்ட் அடித்தார்கள்? அது நிஜ வெளிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருண்டும், நிழலை உள்ளே நீட்டிக்கொண்டும் இருக்கிறது. அதற்கு அடியில் கிடக்கிற கல்லுக்கோ ஜன்னலே தெரியாது. பிறகு சோப்பு மிதக்காமல் என்ன செய்யும்? மரப் பக்கத்தில் மங்கல் எதுவும் போடவில்லை. அதனால் அதை எப்படிச் சுற்றி வைத்தாலும் ஒன்றுதான். கல்லின் நரம்பும் சுற்றி வைத்தால் அதே சாய்வில்தான் ஓடும், அதனால்தான் பலகை கோடி மாறிக் கிடந்தது அவளுக்கே தெரியவில்லை.

"அது அழுக்கு இல்ல" என்றாள் அக்கா. "நான் போட்டது. வேணும்னே போட்டது."

"வேணும்னேவா? எதுக்கு அண்ணி?"

"உன் படம் நல்லா வரட்டும்னு."

நுரை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதைச் சொல்லியிருக்கலாமே!"

"நீ அழுக்குன்னு சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது?"

"நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

அண்ணன் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. "நல்ல குடும்பம்டா! ஒருத்தி போட்டதைச் சொல்ல மாட்டா, ஒருத்தி பாத்ததைச் சொல்ல மாட்டா. நடுவுல அந்த சோப்பு தவிச்சுப் போச்சு!"

அன்று எடுத்த படத்தில் சோப்பு உட்கார்ந்தது. அனுப்பினார்கள். கடைக்காரம்மாவிடமிருந்து பதில் வந்தது: 'இது நல்லா இருக்கு. ஆனா அதே கல்லு, அதே சோப்பு, எப்படித் திடீர்னு மாறுச்சு? இப்ப எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு.'

நுரை போனைக் கட்டிலில் எறிந்தாள். அக்கா பலகையைத் துணியில் சுற்றினாள். "கிளம்பு. போனை நம்பினது போதும்."

சனிக்கிழமை காலை கடையில் வேறு யாருமில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, தெரு வெளிச்சம் அங்கிருந்துதான் உள்ளே வந்தது. கடைக்காரம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றார். அக்கா விளக்கை அணைக்கச் சொன்னாள். மேடையில் பலகையை வைத்தாள். அதன்மேல் ஒரு வெள்ளைச் சோப்பு, ஒரு பச்சைச் சோப்பு, ஒரு கரிச் சோப்பு.

"இப்ப பாருங்க." வெளுத்த கோடி கதவுப் பக்கம் இருந்தது.

"சரி, உக்காருது" என்றார் கடைக்காரம்மா.

நுரை சோப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்கா பலகையை அரைச் சுற்று சுற்றி வைத்தாள். நுரை அதே இடங்களில் சோப்பை வைத்தாள்.

கடைக்காரம்மா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்ததில் திருப்தியில்லாமல் ஒரு நாற்காலியில் ஏறி நின்று நேர் மேலிருந்து பார்த்தார்.

"அட, மிதக்குது! நீங்க ஒண்ணுமே பண்ணலையே!"

"பண்ணேன். கல்லைச் சுத்தினேன்."

அவர் இறங்கி வந்து தானே பலகையைச் சுற்றினார். உட்கார்ந்தது. மறுபடி சுற்றினார். மிதந்தது. ஐந்தாறு முறை சுற்றியிருப்பார். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கல்லே இல்லையா இது!"

"இல்லைங்க."

"சோப்பு?"

"சோப்பு நிஜம்" என்றாள் நுரை அவசரமாக. "கையால செஞ்சது. நான்தான் செஞ்சேன். என் ரூமுக்கு வாங்க, தட்டெல்லாம் காட்டறேன்."

கடைக்காரம்மா கரிச் சோப்பை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "படத்தை ஒட்டுறவங்க பலகையைத் தூக்கிக்கிட்டு வர மாட்டாங்க" என்றார். பிறகு, "தட்டு உங்களுக்குத்தான். திங்கக்கிழமை கொண்டு வந்து அடுக்குங்க. இந்தப் பலகை இங்கயே இருக்கட்டும், தட்டுல இதுமேலதான் சோப்பை வைக்கணும். அழகா இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் நுரை நடைபாதையிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்கு மூச்சு முட்டியது. சந்தோஷம்தான். ஆனால் பலகை கையில் இல்லாமல் வீட்டுக்கு நடப்பது என்னவோ போலிருந்தது.

ராத்திரி அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "இனிமே ஒவ்வொரு பலகைக்கும் பின்னாடி அம்பு போட்டு, 'ஜன்னல் பக்கம்'னு எழுதிடு. பிரச்சினையே வராது."

"பலகையைப் படுக்கவச்சா பின்பக்கம் எப்படிங்க தெரியும்?"

அவர் யோசித்தார். "முன்னாடி எழுதினா?"

"கல்லுமேல 'ஜன்னல் பக்கம்'னு எழுதியிருந்தா யாருங்க அதைக் கல்லுன்னு நம்புவாங்க?"

அந்தச் சிக்கலுக்கு அவர்களுக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை நுரை சோப்பைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அவளும் அக்காவும் அந்தப் பக்கம் போனார்கள். தட்டில் பலகை இருந்தது, பலகைமேல் சோப்பு வரிசையாக இருந்தது. இரண்டு பேர் நின்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் எடுத்தே விட்டார். நுரை அக்காவின் விரலை நசுக்கினாள்.

அக்கா சோப்பைப் பார்க்கவில்லை. மங்கிய கோடி கதவுப் பக்கம் இருந்தது. சோப்பு அத்தனையும் மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணி, திருப்பி வச்சிடட்டுமா?"

"விடு" என்றாள் அக்கா. "வாங்குறவங்க கையில எடுத்துதானே பாக்கறாங்க. படமா எடுக்கப் போறாங்க?"

இருவரும் வெளியே வந்தார்கள். நாலு கடை தாண்டியதும் அக்கா நின்றாள். "நீ போய்க்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கடைக்குள் போய், சோப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்து, பலகையைச் சுற்றி, சோப்பை மறுபடி அடுக்கினாள். எல்லாம் கல்லில் உட்கார்ந்தன.

கல்லாவிலிருந்து கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். "ஐயையோ, அப்படி வைக்காதீங்கம்மா. அந்தக் கோடியில ஏதோ அழுக்குப் பிடிச்சிருக்கு. ஈரத்துணி போட்டுத் துடைச்சும் பாத்தேன், போக மாட்டேங்குது. அதான் வெளிச்சத்துப் பக்கமா மறைச்சு வச்சிருந்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

முதலிலிருந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு நாற்காலியில் ஏறி நின்று பார்த்தவர், தானே ஐந்தாறு முறை சுற்றிப் பார்த்தவர். அவரிடமும் மங்கலைப் பற்றி அன்று சொல்லவே இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அது அழுக்கு இல்லைங்க, ஷேடு" என்றாள்.

தான் போட்டதை அந்தச் சொல்லால் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்குள் யாரும் சண்டைக்கு வரவில்லை.